செலுத்திய நாளும் சேர்ந்த நாளும்

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இக்குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் பலர் பலகாரம் செய்தல், தையல், பூமாலை கட்டுதல் போன்ற சிறுதொழில்களில் ஈடுபடுகின்றனர். இத்தகைய தொழிலுக்குத் தேவைப்படும் முதல் சில ஆயிரம் ரிங்கிட்தான். ஆனால், அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாதவருக்கு அச்சிறு தொகையும் எளிதில் கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்க எழுந்த முறைகளுள் ஒன்று குழுக்கடன் முறையாகும்.

மலேசியாவில் இம்முறை 1986ஆம் ஆண்டு வடமேற்குச் சிலாங்கூரில் ஒரு முன்னோட்டத் திட்டமாகத் தொடங்கியது. வங்காளதேசத்தின் கிராமின் வங்கியைப் பின்பற்றி அமைந்த அத்திட்டம், அடுத்த ஆண்டில் அமானா இக்தியார் மலேசியா என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. ஐவர் சேர்ந்து ஒரு குழு அமைப்பர். கடன் தனித்தனியே வழங்கப்படும். அடைமானம் எதுவும் கேட்கப்படாது. அதற்கு ஈடாக, ஒருவர் தவணை கட்டத் தவறினால் மற்ற நால்வரும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுக்களில் நடைமுறை சற்று வேறானது. அங்கே பத்து முதல் இருபது பேர் வரை சேர்ந்து முதலில் சேமிக்கின்றனர். பின்னர் வங்கி, குழுவின் பெயரிலேயே கடன் வழங்குகிறது. இரண்டு முறைகளிலும் பொதுவாக உள்ளது ஒன்று: ஒருவருடைய தவணை பிந்தினால் அதன் பாதிப்பு அனைவரையும் சேரும்.

உறுப்பினர் எவரும் தவறாமல் பணம் கொடுத்தும், தலைவி அதை உரிய நாளில் வங்கியில் செலுத்தியும், தவணை பிந்திவிட்டதாகக் கணக்கு காட்டினால் என்ன செய்வது? கீழே உள்ள கடிதம் அத்தகைய நிலையில் எழுதப்படுவது. இதில் வரும் குழுவும் தொகையும் எடுத்துக்காட்டுக்காக அமைக்கப்பட்டவை. வங்கி நடைமுறைகளும் விடுமுறைகளும் உண்மையானவை. பிப்ரவரி முதல் நாள் திங்கட்கிழமையாக அமையும் ஓர் ஆண்டில் இக்கடிதம் எழுதப்பட்டதாகக் கொள்க.

கடிதம்

பிப்ரவரி 4, வியாழக்கிழமை
பீடோங், கெடா.

அன்புள்ள குழுச் சகோதரிகளுக்கு,

வணக்கம். நம் சனவரி மாதத் தவணை இரண்டு நாள் தாமதமாகச் சேர்ந்துள்ளதாக நமக்குக் கடன் வழங்கிய நிறுவனத்தின் அதிகாரி நேற்று தொலைபேசியில் தெரிவித்தார். இச்செய்தி உங்களில் இருவருக்கு வேறு வழியாகவும் எட்டியுள்ளது. ஆகவே, நடந்ததை அனைவரும் ஒரே மாதிரியாக அறிய வேண்டும் என்பதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சனவரி 30, சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் ஐவரும் தவணைப் பணத்தைக் கொடுத்தோம். பலகாரக் கடை அக்கா 240 ரிங்கிட், தையற்கடைத் தங்கை 300 ரிங்கிட், பூக்கடை அக்கா 180 ரிங்கிட், காய்கறித் தோட்டத்து அக்கா 240 ரிங்கிட், நான் 240 ரிங்கிட். மொத்தம் 1,200 ரிங்கிட். இதை நாம் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டுள்ளோம்.

மறுநாள், சனவரி 31, ஞாயிற்றுக்கிழமை காலை 10.40 மணிக்கு நம் குழுக் கணக்கு உள்ள வங்கிக் கிளையில் 1,200 ரிங்கிட்டையும் செலுத்தினேன். அதை நிறுவனத்தின் கணக்கிற்கு மாற்றும்படி முகப்பிடத்திலேயே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நிறுவனத்தின் கணக்கு வேறொரு வங்கியில் உள்ளது. முத்திரையிட்ட சீட்டின் நகலை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். அதில் தேதி, நேரம், தொகை ஆகிய மூன்றும் தெளிவாகத் தெரியும்.

அந்தப் பணம் நிறுவனத்தின் கணக்கில் பிப்ரவரி 2, செவ்வாய்க்கிழமைதான் வரவு வைக்கப்பட்டுள்ளது. காரணத்தை இன்று கிளையில் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை கெடாவில் வங்கிகளுக்கு வேலை நாள். ஆனால், நாம் பயன்படுத்திய பணமாற்று முறை கோலாலம்பூரின் வேலை நாள்களைப் பின்பற்றுகிறது. அங்கே ஞாயிறு வார விடுமுறை. திங்கட்கிழமை கூட்டரசுப் பிரதேச தின விடுமுறை. அதனால் நம் பணம் செவ்வாய்க்கிழமை சேர்ந்தது.

நம் ஒப்பந்தத்தின்படி, பணம் நிறுவனத்தின் கணக்கில் சேரும் நாளே தவணை செலுத்திய நாளாகும். கடைசி நாள் சனவரி 31. ஆகவே இரண்டு நாள் தாமதம். தாமதக் கட்டணம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று. 1,200 ரிங்கிட்டுக்கு இரண்டு நாளுக்கு அது ஏறத்தாழ 7 சென் ஆகும்.

நிறுவனத்திற்கு இன்று காலை ஒரு கடிதம் கொடுத்துள்ளேன். சீட்டின் நகலையும் குழுக் கணக்கின் அறிக்கையையும் அதனுடன் இணைத்துள்ளேன். தாமதக் குறிப்பை நம் ஐவர் கணக்கிலிருந்தும் நீக்குமாறு கேட்டுள்ளேன். இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் அதை அப்படியே உங்களுக்குக் காட்டுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். யாரும் சனவரித் தவணையை மறுபடியும் கட்ட வேண்டாம். பணம் முழுவதும் சேர்ந்துவிட்டது. நிறுவனத்திலிருந்து யாரேனும் அழைத்துப் பணம் கேட்டால், என்னிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, சனிக்கிழமை மாலைக் கூட்டத்திற்கு மூலச் சீட்டையும் குழுக் கணக்கு அறிக்கையையும் கொண்டு வருகிறேன். ஐவரும் பார்த்துப் பதிவேட்டில் ஒப்பமிடலாம். தவணையைக் கடைசி நாளுக்கு நான்கு வேலை நாள் முன்பே கட்டுவது பற்றியும் அன்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
குழுத் தலைவி

ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாக இருப்பது எப்படி?

இக்கடிதத்தைப் புரிந்துகொள்ள, மலேசியாவின் வார விடுமுறை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அங்கே வங்கிக் கிளைகள் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும் வார விடுமுறையாகும்.

ஒரு வங்கியிலிருந்து வேறொரு வங்கிக்குப் பணம் செல்லும் வழிகளுள் ஒன்று IBG எனப்படுவது. வங்கிச் செயலியின் திரையிலும் முகப்பிடப் படிவத்திலும் இப்பெயரைக் காணலாம். இம்முறையில் ஒவ்வொரு பணமும் அனுப்பிய உடனேயே தனியாகச் செல்வதில்லை. தபால்காரர் பையில் கடிதங்களைச் சேர்த்து எடுத்துச் செல்வதுபோல், பல வாடிக்கையாளர்களின் பணம் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு, குறிப்பிட்ட நேரங்களில் வங்கிகளுக்கிடையே மாற்றப்படுகிறது. வேலை நாளில் மாலை 5 மணிக்குப் பிறகு அனுப்பினால், பணம் அடுத்த வேலை நாளில்தான் சேரும். சனி, ஞாயிறு, கோலாலம்பூரின் பொது விடுமுறை ஆகிய நாள்களில் இந்த மாற்று நடைபெறாது.

கோலாலம்பூர் 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கூட்டரசுப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அதன் நினைவாக அந்நாள் கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய இடங்களில் பொது விடுமுறையாகும். கெடாவில் அந்நாளுக்கு விடுமுறை இல்லை. எனவே, தலைவி சீட்டைப் பெற்ற ஞாயிறும் அடுத்து வந்த திங்களும் பீடோங் மக்களுக்கு வழக்கமான வேலை நாள்கள். பணத்தைப் பொறுத்தவரை அவ்விரண்டும் விடுமுறை நாள்கள். முகப்பிட ஊழியர் வேலையைச் சரியாகச் செய்தார். நிறுவனமும் ஒப்பந்தத்தின்படியே கணக்கிட்டது. தலைவியும் பணத்தை வைத்திருக்கவில்லை. இரண்டு நாட்காட்டிகளுக்கிடையே பணம் நின்றுவிட்டது.

மூன்று தேதிகள்

வங்கி தாமதமாக வரவு வைத்தது என்று சொல்வது எளிது. தாமதம் எந்த இடத்தில் ஏற்பட்டது என்று காண்பதற்கு மூன்று தேதிகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, வங்கிச் சீட்டில் முத்திரையிடப்பட்ட தேதி. இரண்டாவது, குழுவின் சொந்தக் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்ட தேதி. இது குழுக் கணக்கின் அறிக்கையில் பற்றாகப் பதிவாகியிருக்கும். மூன்றாவது, நிறுவனத்தின் கணக்கில் பணம் வரவான தேதி.

சீட்டின் தேதிக்கும் பற்றுத் தேதிக்கும் இடையே நாள்கள் கடந்திருந்தால், குழுவின் கிளையிலேயே பணம் தங்கியிருக்கிறது. அதற்குக் கிளையில் விளக்கம் கேட்க வேண்டும். பற்றுத் தேதிக்கும் வரவுத் தேதிக்கும் இடையே நாள்கள் கடந்திருந்தால், பணம் வங்கிகளுக்கிடையே நின்றிருக்கிறது. அவ்விடைவெளியில் விடுமுறை நாள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். மேற்கண்ட கடிதத்தில் நிகழ்ந்தது இதுவே.

மூன்று தேதிகளும் சரியாக இருந்தும் நிறுவனம் தாமதம் என்று சொல்வதுண்டு. அப்போது பணம் நிறுவனத்தின் கணக்கில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால், அது யாருடைய தவணை என்று தெரியாமல் தனியே வைக்கப்பட்டிருக்கும். படிவத்தில் குழுவின் எண்ணை எழுத மறந்தாலோ தவறாக எழுதினாலோ இந்நிலை ஏற்படும். பண மாற்றின் குறிப்பு எண்ணை நிறுவனத்திடம் கொடுத்தால் அவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடித்து உரிய கணக்கில் சேர்க்க முடியும். இதனால்தான் வங்கிச் சீட்டைத் தவணை முடியும் வரை மட்டுமன்றி, கடன் முடியும் வரை பத்திரப்படுத்த வேண்டும். சில வகைச் சீட்டுகளில் அச்சு நாளடைவில் மங்கிவிடும். ஆகவே, வாங்கிய அன்றே நகலெடுத்து வைப்பது நல்லது.

ஏழு சென்னுக்கு ஒரு கடிதமா?

தாமதக் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,200 ரிங்கிட்டில் நூற்றுக்கு ஒன்று 12 ரிங்கிட். அது ஓர் ஆண்டுக்கு உரியது. அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 3.3 சென். இரண்டு நாளுக்கு 6.6 சென். அதை முழுமையாக்கினால் 7 சென். ஐவருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை சென்கூட வராது.

இழப்பு இவ்வளவு சிறியதாக இருந்தும் தலைவி ஒரு முழுக் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழுக்கடனில் ஐவருடைய பணமும் ஒருவர் கைவழியே வங்கிக்குச் செல்கிறது. சனிக்கிழமை பணம் கொடுத்தவருக்கு, புதன்கிழமை ‘பணம் பிந்தியது’ என்று கேட்டவுடன் எழும் முதல் கேள்வி, இடையில் அது எங்கே இருந்தது என்பதுதான். அக்கேள்விக்கு உடனே பதில் கிடைக்காவிட்டால் அது ஐயமாகும். அடுத்த மாதம் ஒருவர் பணத்தைத் தனியே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லக்கூடும். அப்போது ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் ஏற்பாடே குலைந்துவிடும். அடைமானம் கேட்காத கடனுக்கு அந்த ஏற்பாட்டைத் தவிர வேறு ஈடு இல்லை.

மற்றொரு காரணம், தாமதக் குறிப்பு. கட்டணம் ஏழு சென்னாக இருந்தாலும், ‘சனவரித் தவணை பிந்தியது’ என்னும் குறிப்பு ஐவர் பெயரிலும் பதிவாகலாம். தையற்கடைப் பெண் அடுத்த ஆண்டு இன்னொரு தையல் இயந்திரம் வாங்கக் கூடுதல் கடன் கேட்கும்போது, நிறுவனம் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். அதில் காரணம் எழுதப்பட்டிருக்காது. ஆகையால், தலைவி கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்கவில்லை. குறிப்பை நீக்குமாறு கேட்டிருக்கிறார். ஆதாரங்கள் கையில் உள்ள இவ்வேளையில் கேட்பதே பயன் தரும்.

கடிதத்தின் அமைப்பு

இக்கடிதத்தில் செய்திகள் அமைந்துள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில், நடந்தது ஒரே வாக்கியத்தில் கூறப்படுகிறது. பின்னர், யார் எவ்வளவு கொடுத்தார் என்பது வருகிறது. இத்தொகைகளை உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தம் தொகை சரியாக இருப்பதைக் காண்பவர், அடுத்து வரும் செய்திகளையும் நம்பிக்கையோடு வாசிப்பார். அதன்பின் பணம் சென்ற வழி, நேரத்தோடும் ஆதாரத்தோடும் கூறப்படுகிறது. காரணம் அதற்குப் பிறகே வருகிறது. காரணத்தை முதலில் சொல்லியிருந்தால் அது சாக்குப்போக்காகத் தோன்றியிருக்கும்.

தலைவி யாரையும் குறை கூறவில்லை என்பதும் நோக்கத்தக்கது. ‘வங்கியின் அலட்சியம்’ என்று எழுதியிருந்தால் உறுப்பினர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால், கிளையில் கிடைத்த விளக்கம் அதற்கு இடம் தரவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகவும் அவர் எழுதவில்லை. நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை என்பதை அப்படியே கூறுகிறார். ‘குறிப்பு நீங்கிவிடும்’ என்று உறுதியளித்து, பின்னர் அது நீங்காமல் போனால் இக்கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.

மறுபடியும் பணம் கட்ட வேண்டாம் என்னும் வேண்டுகோளும் முக்கியமானது. தவணை பிந்தியது என்று கேட்டதும் சிலர் பதறிப்போய்த் தாமே நேரில் சென்று கட்டிவிடுவர். அப்போது ஒரே மாதத்திற்கு இரண்டு தவணை சேரும். மிகுதிப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கோ அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்வதற்கோ தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அன்றாடம் மாவும் எண்ணெயும் வாங்கித் தொழில் செய்பவருக்கு 240 ரிங்கிட் சில வாரம் முடங்குவது, ஏழு சென் கட்டணத்தைவிடப் பெரிய இழப்பாகும். மேலும், தவணை பிந்தியதாகக் கூறி ஏமாற்றுக்காரர்கள் பணம் கேட்பதும் உண்டு. தலைவியைக் கேட்காமல் பணம் செலுத்த வேண்டாம் என்பது அதற்கும் தடையாகும்.

இனிச் செய்ய வேண்டியது

தீர்வுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, DuitNow வழியாகப் பணம் அனுப்புவது. 2018ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான இம்முறையில் பணம் விடுமுறை நாளிலும் உடனுக்குடன் சேரும். ஆனால், அதற்குக் குழுக் கணக்கில் இணைய வங்கிச் சேவை இருக்க வேண்டும். குழுக் கணக்கில் பணம் எடுக்க இருவர் கையொப்பம் தேவை என்னும் விதி இருந்தால், ஒருவர் கைப்பேசியிலிருந்து பணம் அனுப்ப முடியுமா என்பதை வங்கியிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வசதிக்காகத் தலைவி குழுப் பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் போட்டு அனுப்புவது சரியன்று. பணம் விரைவில் சேரும். ஆனால், குழுக் கணக்கு அறிக்கையில் அதற்குச் சான்று இருக்காது.

மற்றொன்று, தலைவி கூறுவதுபோல் தவணையை முன்கூட்டியே கட்டுவது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஆனால், கூட்டம் நடைபெறும் நாளையும் மாற்ற வேண்டியிருக்கும். மாதக் கடைசியில் வியாபாரப் பணத்தை எதிர்பார்த்திருப்பவருக்கு நான்கு நாள் முன்னதாகக் கட்டுவது கடினமாகவும் இருக்கலாம். அதனால்தான் தலைவி இதைக் கட்டளையாக எழுதாமல், கூட்டத்தில் ஐவரும் சேர்ந்து முடிவு செய்ய விட்டிருக்கிறார்.

விடுமுறை எதுவும் இல்லாமலேயே பணம் பிந்தி, வங்கியும் தக்க விளக்கம் தராவிட்டால், முதலில் அவ்வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கேயும் தீர்வு கிடைக்காவிட்டால் பேங்க் நெகாராவின் வாடிக்கையாளர் சேவையை நாடலாம். எங்கே சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அந்த மூன்று தேதிகளும் குறிப்பு எண்ணும்தான்.

அருஞ்சொற்பொருள்

அடைமானம் – கடனுக்கு ஈடாக வைக்கப்படும் பொருள் அல்லது சொத்து
தவணை – கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
வரவு – கணக்கில் வந்து சேரும் பணம்
பற்று – கணக்கிலிருந்து கழிக்கப்படும் பணம்
சாக்குப்போக்கு – பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூறும் காரணம்

கருத்துணர் வினாக்கள்

1. குழுக்கடனில் அடைமானத்திற்கு ஈடாக அமைவது யாது?

2. ஞாயிற்றுக்கிழமை கெடாவில் செலுத்திய பணம் செவ்வாய்க்கிழமை சேர்ந்ததற்கான காரணங்கள் இரண்டினைக் குறிப்பிடுக.

3. சீட்டின் தேதியும் பற்றுத் தேதியும் பிப்ரவரி 10. வரவுத் தேதியும் பிப்ரவரி 10. ஆயினும், நிறுவனம் தவணை சேரவில்லை என்கிறது. என்ன நடந்திருக்கக்கூடும்? அடுத்து என்ன செய்ய வேண்டும்?

4. தலைவி, கட்டணத்தைவிடத் தாமதக் குறிப்புக்கு முக்கியத்துவம் தருவது ஏன்?

5. நிறுவனம் தாமதக் குறிப்பை நீக்க மறுத்துவிட்டது எனக் கொள்க. அச்செய்தியை உறுப்பினர்களுக்குத் தெரிவித்துத் தலைவி எழுதும் அடுத்த கடிதத்தை 120 சொற்களில் எழுதுக.